மிளகு பறிக்கும்போது விழுந்தவர்: ஒரே ஆள், இரண்டு மாதிரிகள்

கேள்வி: "சேலத்தில் பி.எட். படிக்கிறேன். மாற்றுத்திறன் பற்றிய மருத்துவ மாதிரி, சமூக மாதிரி இரண்டையும் ஒப்பிட்டு ஒரு சிறு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். தேடினால் கிடைப்பதெல்லாம் இரண்டு கட்டம் போட்ட அட்டவணைதான். ஒரே ஆளை இந்த இரண்டும் எப்படி வேறு வேறாகப் பார்க்கும்? கடைசியில் எது சரி என்று எழுதுவது?"

அட்டவணையை ஓரமாக வையுங்கள். ஒரு பக்கம் "நோய், டாக்டர், சிகிச்சை", மறுபக்கம் "உரிமை, சாய்தளம், சமத்துவம்" என்று எழுதி முடித்தால், டாக்டர் கெட்டவர், சாய்தளம் நல்லது என்ற அளவில்தான் கட்டுரை நிற்கும். இரண்டு மாதிரிகளும் பதில் சொல்ல முயல்வது ஒரே கேள்விக்குத்தான். இந்த ஆளால் இதைச் செய்ய முடியவில்லை, அதற்குக் காரணம் எங்கே இருக்கிறது? உடலில் என்றால் பணமும் முயற்சியும் உடலைச் சரிசெய்யப் போகும். வெளியில் என்றால் வெளியை மாற்றப் போகும். நான் பிசியோதெரபிஸ்ட். சேலத்திலும் ஏற்காடு மலைக் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. அதில் பார்த்த ஒருவரை வைத்தே சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஏற்காட்டில் காபித் தோட்டங்களுக்குள் நிழலுக்காக சில்வர் ஓக் மரங்களை வளர்ப்பார்கள், அதன்மேல் மிளகுக் கொடியை ஏற்றிவிடுவார்கள். மிளகு பறிக்க மூங்கில் ஏணியைச் சாத்தி ஏறவேண்டும். முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் அப்படி ஏறி விழுந்தார். முதுகும் இடுப்பும் சேரும் இடத்தில் எலும்பு நொறுங்கி, தண்டுவடம் நசுங்கியது. கைகள் நல்ல பலத்தோடு இருக்கின்றன. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. சிறுநீர், மலம் வருவது தெரியாது. சேலத்தில் ஆபரேஷன் ஆனது. சில வாரம் கழித்து ஒரு சக்கர நாற்காலியோடு தோட்டத்து லைன் வீட்டுக்குத் திரும்பினார்.

இவரை மருத்துவ மாதிரி எப்படிப் பார்க்கும்? தண்டுவடம் இந்த அளவுக்கு நசுங்கினால் மறுபடி வளராது. ஆகவே எலும்பை நிலைநிறுத்து, சிக்கல் வராமல் பார், மிச்சமிருக்கும் பலத்தைக் கூட்டு. உட்கார்ந்தே இருப்பவருக்குப் பிட்டத்தில் படுக்கைப்புண் வரும், அதனால் பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடலைத் தூக்கவேண்டும். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை கதீட்டர் குழாய் விட்டு சிறுநீரை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பை நிரம்பி, தொற்று வந்து, நாளடைவில் சிறுநீரகமே கெடும். இதில் ஒன்றுகூடத் தப்பில்லை. தண்டுவடம் அடிபட்டவர்கள் ஒரு காலத்தில் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும்தான் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அவர்கள் இன்று பல வருடம் வாழ்வதற்கு இந்த அக்கறைதான் காரணம். மருத்துவத்தைத் திட்டிக் கட்டுரை எழுத நினைத்தால் முதலில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. நடக்க வைக்க முடியாது என்று தெரிந்ததும், செய்ய இனி ஒன்றுமில்லை என்று ஃபைல் மூடப்படுகிறது. வேலை, கல்யாணம், ஓட்டுப் போடப் போவது, பிள்ளையின் பள்ளிக்கூட விழா எல்லாமே "கால் வராததால் முடியாது" என்ற ஒரே வரிக்குள் போய்விடுகிறது. சமூக மாதிரிக்காரர்கள் மருத்துவ மாதிரி என்று சொல்வது இந்த வரியைத்தான், மருந்தையும் ஊசியையும் இல்லை. தன்னை மருத்துவ மாதிரிக்காரர் என்று சொல்லிக்கொள்கிற டாக்டரை நீங்கள் பார்க்க முடியாது. அது விமர்சித்தவர்கள் வைத்த பெயர். சமூக மாதிரி என்ற பெயரைப் பரப்பிய மைக் ஆலிவரே இதைத் "தனிநபர் மாதிரி" என்றுதான் சொல்ல விரும்பினார். கஷ்டம் முழுவதையும் ஒரு தனி ஆளின் தலையில் ஏற்றுவதுதான் அடிப்படை, மருத்துவம் அதில் ஒரு பகுதி என்பது அவர் வாதம். கட்டுரையில் இந்த ஒரு வாக்கியம் இருந்தால், நீங்கள் அட்டவணையைத் தாண்டிவிட்டீர்கள் என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

நம் ஆளுக்கு வருகிறேன். பிளஸ் டூ படித்தவர், கணக்கு நன்றாக வரும். ஊரில் ஒரு சின்ன அலுவலகத்தில் பில் எழுதும் வேலை கிடைத்தது. வேலைக்குப் போன சில மாதத்தில் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வந்தது. குளிர் காய்ச்சல், ஆன்டிபயாடிக், ஒரு வாரம் லீவு, மறுபடி காய்ச்சல். ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்தது இரண்டே விஷயம்: தண்டுவடப் பாதிப்பால் சிறுநீர்ப்பை செயலிழப்பு, சொன்ன நேரத்துக்குக் கதீட்டர் போடுவதில்லை. அதாவது உடம்பு ஒரு காரணம், ஆளின் அலட்சியம் இன்னொரு காரணம்.

ஏன் போடுவதில்லை என்று வீட்டில் உட்கார்ந்து கேட்டபோது அவர் சொன்னது: "அங்க கக்கூஸுக்குள்ள வண்டி போகாதுங்க சார். அதனால காலையில தண்ணியே குடிக்கறதில்லைங்க." ஒரு நாள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். கழிப்பறைக் கதவின் இடைவெளி 60 சென்டிமீட்டர். அவருடைய நாற்காலி, சக்கரத்தின் வெளி விளிம்போடு சேர்த்து 64. கதவு உள்பக்கமாகத் திறக்கும், எப்படியோ உள்ளே போனாலும் பிறகு சாத்த முடியாது. வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்கக் கட்டிய ஒரு சிமெண்ட் மேடு வேறு. காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டால் திரும்ப ஆறரை. நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்பது பத்து மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆகிவிட்டது. தண்ணீர் குடிக்காததால் சிறுநீர் கெட்டிப்பட்டு, பையிலேயே தேங்கி நின்றது. தொற்று வராமல் என்ன செய்யும்?

ஒரே காய்ச்சலை இரண்டு விதமாக எழுதலாம் என்பது இங்கேதான் தெரிகிறது. மருத்துவ மாதிரியில் அது செயலிழந்த சிறுநீர்ப்பையின் விளைவு. சமூக மாதிரியில் அது 4 சென்டிமீட்டர் போதாத கதவின் விளைவு. சிறுநீர்ப்பை ஞாயிற்றுக்கிழமையும் அதே சிறுநீர்ப்பைதான், ஆனால் வீட்டில் இருந்த மாதங்களில் இவ்வளவு தொற்று வரவில்லை. கடைசியில் கதவை 90 சென்டிமீட்டருக்கு அகலப்படுத்தி, வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டி, மேட்டை உடைத்துச் சரிவாக்கினார்கள். சுவரில் பிடிகம்பி ஒன்று வைத்தார்கள். தொற்று குறைந்தது. ஆனால் இதில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அதே சமயத்தில் கதீட்டர் போடும்போது கை கழுவும் முறையையும் திருத்திச் சொல்லிக்கொடுத்தோம். குறைந்ததில் கதவின் பங்கு எவ்வளவு, சோப்பின் பங்கு எவ்வளவு என்று ஒரே ஆளை வைத்துப் பிரிக்க முடியாது. கதவு மாறாமல் வேலை நேரத்தில் கதீட்டர் போட்டிருக்கவே முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

அதே அலுவலகத்தின் முன்வாசல் இன்னொரு பாடம். மூன்று படி, ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர், மொத்தம் 45. கையால் தள்ளும் நாற்காலிக்குச் சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவுக்கு மேல் போகக்கூடாது என்பது நம் நாட்டு வழிகாட்டுதல்களிலும் உள்ள பொதுவான அளவு. 45-ஐ 12-ஆல் பெருக்கினால் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். அங்கே போட்டிருந்தது ஒன்றரை மீட்டர் இரும்புத் தகடு. ஏறும்போது இரண்டு பேர் பின்னால் தள்ளவேண்டும், இறங்கும்போது இரண்டு பேர் பிடிக்கவேண்டும். "அதான் ராம்ப் போட்டுட்டமே" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு சாய்தளம் தடையை நீக்கியதா, தடைக்குப் பெயிண்ட் அடித்ததா என்று தெரிந்துகொள்ள ஒரே சோதனை போதும்: அந்த ஆள் யாரையும் கூப்பிடாமல் தனியாக ஏறி இறங்குகிறாரா? மேடையில் மாலை போட்டு மூன்று சக்கர சைக்கிள் கொடுக்கிற விழாக்களையும் நான் இந்தச் சோதனையில்தான் நிறுத்துவேன். ஏற்காட்டு மேட்டில் கைப்பெடல் சைக்கிள் எத்தனை அடி ஏறும் என்று கொடுக்கிறவர்கள் ஒருநாள் ஓட்டிப் பார்க்கலாம்.

இந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது என்பதை ஒரு பத்தியில் எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். 1972-இல் பிரிட்டனில் பால் ஹன்ட் என்பவர் கார்டியன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். தசைச் சிதைவு நோயால், பல வருடம் காப்பகத்தில் வாழ்ந்தவர். தங்களைப் போன்றவர்களை விடுதிகளில் அடைத்து வைப்பதற்கு எதிராக ஒன்றுசேரலாம் என்று அழைத்தார். அதிலிருந்து பிறந்த அமைப்பு 1976-இல் தன் கொள்கையை வெளியிட்டது. உடலில் இருப்பது குறைபாடு. அதன்மேல் சமூகம் தேவையில்லாமல் ஒதுக்கிவைத்துச் சுமத்துவது இயலாமை. இரண்டும் வேறு வேறு என்று அவர்கள் பிரித்ததுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதில் முக்கியமானவர் விக் ஃபிங்கல்ஸ்டீன். தென்னாப்பிரிக்காவில் நிறவெறியை எதிர்த்துச் சிறை சென்றவர், தண்டுவடம் அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருந்தவர். மைக் ஆலிவர் 1983-இல் இந்தக் கருத்துக்குச் சமூக மாதிரி என்று பெயர் கொடுத்தார். அவரும் இளவயதில் கழுத்து முறிந்து நாற்காலிக்கு வந்தவர்தான். இதைத் தொடங்கியவர்களில் பலர் உடல் அசைவில் குறைபாடு உள்ளவர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கீழே அது தேவைப்படும்.

ஆலிவர் செய்த ஒரு காரியம் உங்கள் கட்டுரைக்கு நேராகப் பயன்படும். 1980-களில் பிரிட்டன் அரசு மாற்றுத்திறனாளிகளைக் கணக்கெடுத்தபோது கேட்ட கேள்விகளை எடுத்து அவர் திருப்பி எழுதினார். பொருள்களைப் பிடிக்கவும் திருகவும் உங்களுக்குச் சிரமம் தருவது எந்த நோய் என்று கேட்டிருந்ததை, ஜாடி, பாட்டில், டின் இவற்றின் வடிவமைப்பில் உள்ள எந்தக் கோளாறு உங்களுக்குச் சிரமம் தருகிறது என்று மாற்றினார். வீட்டுக்கு வந்து பதவியில் உள்ள ஒருவர் முதல் மாதிரிக் கேள்விகளை இருபது கேட்டுவிட்டுப் போனால், பதில் சொன்னவர் தன் கஷ்டத்துக்கெல்லாம் தன் உடம்புதான் காரணம் என்று நம்ப ஆரம்பித்துவிடுவார் என்பது அவர் சொன்ன காரணம். நம் ஆளுக்கும் இதைச் செய்து பாருங்கள். "கால் வராததால் பஸ்ஸில் ஏற முடியவில்லையா?" என்பதை "இந்த வழியில் ஓடும் பஸ்ஸில் எத்தனை படி, எவ்வளவு உயரம்?" என்று மாற்றுங்கள். "உங்களுக்குத் துணைக்கு ஆள் வேண்டுமா?" என்பதை "இந்த அலுவலகத்தில் எந்தெந்த இடத்துக்கு ஆள் இல்லாமல் போக முடியாது?" என்று மாற்றுங்கள். கேள்வி மாறினால் யார் என்ன வேலை செய்யவேண்டும் என்பதும் மாறிவிடுகிறது. உங்கள் கட்டுரையின் நடுப்பகுதிக்கு இப்படி மூன்று ஜோடிக் கேள்விகளே போதும்.

சரி, அப்படியானால் சமூக மாதிரிதான் சரி என்று எழுதிவிடலாமா? அவசரப்படாதீர்கள். நம் ஆளுக்கு ராத்திரியில் காலில் தசை வெட்டி இழுக்கும். உணர்ச்சி இல்லாத காலுக்குள்ளேயே எரிச்சலும் வலியும் இருக்கும். எந்தக் கதவை அகலப்படுத்தினாலும் அது போகாது. லிஸ் க்ரோ என்ற மாற்றுத்திறனாளிப் பெண் எழுத்தாளர் 1990-களிலேயே இதைச் சொன்னார். தடைகளைப் பற்றியே பேசிப் பேசி, வலியையும் களைப்பையும் வாய் திறந்து சொல்லக்கூடாத விஷயமாக நம் இயக்கமே ஆக்கிவிட்டது என்பது அவர் குறை. சமூக மாதிரியை அவர் கைவிடவில்லை, உடம்புக்கும் அதில் இடம் கேட்டார். நாற்காலியில் இருப்பவருக்கு நோய் இல்லாமல் குறைபாடு மட்டும் நிலையாக இருக்கலாம். அரிவாளணுச் சோகை உள்ளவருக்கோ, தீராத மனச்சிதைவு உள்ளவருக்கோ அப்படிப் பிரிப்பது கடினம். நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் கை கால், தண்டுவடம் சார்ந்தவை. ஆகவே இங்கே நான் சொல்வதை அப்படியே மனநலத்துக்கு நீட்டாதீர்கள்.

இன்னொரு எல்லை ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். நம் ஆளின் வீட்டிலிருந்து தார் ரோட்டுக்கு வர ஒரு செங்குத்தான கல்பாதை. நாலு மீட்டர் உயர வித்தியாசம் இருக்கும். ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கில் போனால் 48 மீட்டர் சாய்தளமும், நடுநடுவே நின்று மூச்சுவிடச் சமதள மேடைகளும் வேண்டும். இடமே கிடையாது. படியைக் கட்டியது மனிதன், மலையைக் கட்டியது யார்? டாம் ஷேக்ஸ்பியர் என்ற சமூகவியலாளர், அவரும் உயரக்குறைபாடு உள்ளவர், சமூக மாதிரியை விமர்சித்தபோது கேட்டது ஏறக்குறைய இதைத்தான். மலையும் சதுப்பும் கடற்கரையும் யார் செய்த அநியாயமும் இல்லையே, தடையே இல்லாத உலகம் என்பது எட்டக்கூடிய இலக்கா என்று கேட்டார். வாதம் வலுவானதுதான். ஆனாலும் என் அனுபவத்தில் அதைப் பாதி தூரம்தான் ஒத்துக்கொள்வேன். மலை இயற்கை. அந்த மலையில் ரோட்டை ஒட்டிய வீடுகள் யாருக்கு, பள்ளத்தில் உள்ள லைன் வீடுகள் யாருக்கு என்பது இயற்கை இல்லை. பின்னர் நம் ஆளுக்கு ரோட்டு மட்டத்தில் ஒரு அறை ஒதுக்கினார்கள். மலை அப்படியே இருந்தது, பிரச்சினையில் பாதி தீர்ந்தது. ஏணியிலிருந்து விழும்போது இடுப்பில் ஏன் ஒரு கயிறுகூட இல்லை என்பதும் சமூகம் சார்ந்த கேள்விதான். ஆனால் அது குறைபாடு எப்படி வந்தது என்ற கேள்வி. 1976-இல் பிரித்த இயலாமைக்குள் அது அப்படியே பொருந்தாது.

சட்டத்தைத் தொட விரும்பினால் ஒரு முரண்பாட்டைக் காட்டுங்கள், நன்றாக இருக்கும். 1995-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம், மருத்துவ அதிகாரி சான்றளித்த 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ளவரைத்தான் மாற்றுத்திறனாளி என்றது. முழுக்க உடம்பை அளக்கிற பார்வை. 2006-இல் ஐ.நா. உடன்படிக்கை வந்தது, அடுத்த ஆண்டே இந்தியா அதை ஏற்றது. அதையொட்டி வந்த 2016 சட்டம், நீண்டகாலக் குறைபாடு தடைகளோடு மோதும்போது ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க முடியாமல் போவதைத்தான் வரையறையாக வைத்தது. தடை என்ற சொல் வரையறைக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் இடஒதுக்கீடு போன்ற பலன்களுக்கு வாசல் இன்னும் அதே 40 சதவீதம்தான். நம் ஆளின் சான்றிதழில் கால், தண்டுவடம் எல்லாம் எண்ணாக இருக்கும், கக்கூஸ் கதவு இருக்காது. இந்த இழுபறி உச்ச நீதிமன்றத்துக்கே போனது. கை எழுதும்போது இறுகிக்கொள்ளும் விகாஸ் குமார் என்ற தேர்வருக்கு 40 சதவீதம் இல்லை என்று சொல்லி, அவர் சொல்லச் சொல்ல விடையை எழுதித்தரும் எழுத்தர் உதவியை மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் நீதிமன்றம், தேர்வில் எழுத்தரைத் தருவது தடையை நீக்கும் ஏற்பாடு, அதற்கு 40 சதவீதத்தை நிபந்தனையாக வைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆசிரியராகப் போகிற உங்களுக்கு இந்த உதாரணம் பஸ் உதாரணத்தைவிடப் பொருத்தம்.

எது சரி என்ற கேள்விக்கு என் பதில்: ஆளைப் பொறுத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், சிரமத்தைப் பொறுத்துத் தேர்ந்தெடுங்கள். தசை வெட்டி இழுப்பதற்கு மருந்து. பில் எழுதும் வேலைக்கு அகலமான கதவு. படுக்கைப்புண்ணுக்கு இரண்டும், உடலைத் தூக்கும் பழக்கமும் வேண்டும், நல்ல மெத்தைக்கு யார் பணம் கொடுப்பது என்ற பதிலும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த வகைப்பாடும் உடல், செயல்பாடு, சூழல் மூன்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் முயன்றது. கட்டுரையில் அதற்கு ஒரு வரி போதும். நடைமுறையில் எது முதலில் என்று கேட்டால் நான் சூழலை முதலில் பார் என்பேன். காரணம் கொள்கை இல்லை. உடலைப் பார்க்க ஏற்கெனவே ஆள் இருக்கிறது, கதவை அளக்கத்தான் ஆள் இல்லை.

உதாரணத்துக்கு வெளியில் தேட வேண்டாம். பயிற்சிக்குப் போகிற பள்ளியில் சாய்தளம் எங்கே முடிகிறது என்று பாருங்கள். பல பள்ளிகளில் அது வாக்குச்சாவடிக்காகக் கட்டியது. ஒரே ஒரு வகுப்பறை வாசலோடு நின்றுவிடும், கழிப்பறைப் பக்கம் போகாது. உயரத்தையும் நீளத்தையும் டேப்பில் அளந்து, கழிப்பறைக் கதவின் அகலத்தையும் சேர்த்து, அந்த மூன்று எண்களைக் கட்டுரையில் போடுங்கள்.